பதினாறில் ஐந்து பேர்

சொட்டுநீர்ப் பாசனப் பராமரிப்பாளருக்கான சான்றிதழ்த் தேர்வுக்கு நான் எழுதிக் கொடுத்த வினாக்களில், எனக்கு மிகவும் பிடித்திருந்த ஒன்றைப் பற்றி முன்னோட்டத் தேர்வு முடிந்த பிறகு ஒரு சிறு குறிப்பு வந்தது. மொத்த மதிப்பெண்ணில் முன்னணியில் இருந்த பதினாறு பேரில் ஐந்து பேர் மட்டுமே அந்த வினாவுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கடைசியில் இருந்த பதினாறு பேரிலோ ஒன்பது பேர் சரியாக விடையளித்திருந்தார்கள். "காரணம் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று சான்றளிக்கும் அமைப்பின் தேர்வுப் பிரிவு அலுவலர் கேட்டிருந்தார். நான் தருமபுரியைச் சுற்றி இருபது ஆண்டுகளாகச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கிறவன், பழுது பார்க்கிறவன். விஷயம் தெரிந்தவர்கள் தவறு செய்கிறார்கள், தெரியாதவர்கள் சரியாகச் சொல்கிறார்கள் என்றால் பழுது எங்கே இருக்கிறது என்று மூன்று நாட்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாட்களில்தான், ஒரு துறைக்காரனைத் தேர்வு வேலைக்கு எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகப் புரிந்தது. அதை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்த வினா பின்னர் வினா வங்கியிலிருந்து விலக்கப்பட்டு, பயிற்சியாளர்களுக்கான மாதிரி வினாவாக வெளியிடப்பட்டுவிட்டது. அதனால்தான் அதை இங்கே பிரித்துக் காட்ட முடிகிறது. வங்கியில் இருக்கும் வேறு எந்த வினாவைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை.

பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டம்

2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நானூறு ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியபோது, குழாய் பதிக்கும் ஆட்களில் ஒருவனாக இந்தத் தொழிலுக்குள் வந்தேன். அப்போது இந்த வேலைக்குச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதாகவே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பல ஆண்டுகள் கழித்து, பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு தக்காளித் தோட்டத்தில் சான்றிதழ் வைத்திருந்த ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தோட்டத்தில் பாதி வரிசைகளுக்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகவில்லை. அவர் இரண்டு நாட்களாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து குழாய்த் தண்ணீரில் மருந்தைக் கலக்கும் வென்சுரி வழியாக விட்டுக்கொண்டிருந்தார். நான் செடிக்குத் தண்ணீர் சொட்டும் டிரிப்பரின் துளையைப் பார்த்தேன். கல்போல வெள்ளைப் படிவு கட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து அதன்மீது ஒரு சொட்டு ஆசிட் விட்டதும் புசுபுசுவென்று நுரைத்தது. அது சுண்ணாம்பு. பாசிக்கும் பாக்டீரியாக் கொழகொழப்புக்கும்தான் குளோரின் வேலை செய்யும். சுண்ணாம்புக்கு அது ஒன்றும் செய்யாது. பிளீச்சிங் பவுடரிலேயே கால்சியம் இருப்பதால், எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் அது படிவை இன்னும் கூட்டத்தான் செய்யும்.

"பரீட்சையில அடைப்புக்குக் குளோரின்னுதான்ணா பதில்" என்றார் அந்த இளைஞர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் வைத்திருந்த மாதிரி வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். "சொட்டுநீர் அமைப்பில் அடைப்பை நீக்கப் பயன்படுவது எது?" என்று ஒரு வினா இருந்தது. குளோரின், யூரியா, சுண்ணாம்பு, ஜிப்சம் என்று நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். யூரியாவும் ஜிப்சமும் அடைப்பை நீக்காது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே எதுவும் தெரியாதவர்கூட அந்த வினாவில் குளோரினைத்தான் தேர்ந்தெடுப்பார். என்ன அடைப்பு, எதனால் வந்தது என்ற ஒரு வார்த்தைகூட வினாவில் இல்லை. ஒரு தோட்டம் காய்வதற்கு இப்படிப்பட்ட ஒரு வினா காரணமாக இருக்க முடியும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதி, அந்தத் தேர்வை நடத்திய அமைப்புக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். மன்னிப்போ மறுப்போ வரும் என்று எதிர்பார்த்தேன். வினா எழுதும் குழுவில் சேர விருப்பமா என்று கேட்டு விண்ணப்பப் படிவம் வந்தது.

சேர்வதற்கு விட்டுக்கொடுத்தது

படிவம் எளிமையானதுதான். எத்தனை ஆண்டு அனுபவம், கடந்த ஐந்து ஆண்டுகளில் கையால் செய்த வேலை எது, யாருடைய கருவிகளை விற்கிறேன் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒரு நிறுவனத்தின் பொருளை மட்டும் விற்கிறவர் எழுதும் வினாவில், அந்த நிறுவனத்தின் வடிகட்டி எப்படித் திறக்குமோ அதுதான் உலக வழக்கம் என்பது போல ஆகிவிடும். அதன் பின் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிய வினா அமைப்புக்குச் சொந்தம், வீட்டுக் கணினியில் பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது.

என்னைத் தயங்க வைத்தது வேறொன்று. என் கடையின் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பையன்களுக்கு இந்தத் தேர்வுக்காகவே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வினா எழுதும் காலத்திலும், அது முடிந்த பிறகு குறிப்பிட்ட காலம் வரையிலும், அந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. தனிநபர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கென்று இருக்கும் ஐ.எஸ்.ஓ. 17024 என்ற பன்னாட்டுத் தரமும் பாரபட்சமின்மையை இதே காரணத்துக்காகத்தான் வலியுறுத்துகிறது. வினாவைத் தெரிந்தவர் வகுப்பெடுத்தால், அவர் ஒரு வார்த்தையும் வெளியே சொல்லாவிட்டாலும், எந்தப் பாடத்தில் அவருடைய குரல் அழுத்தமாக விழுகிறது என்பதிலிருந்தே மாணவர்கள் ஊகித்துவிடுவார்கள். நியாயம் புரிந்தது. ஆனாலும் அந்தப் பையன்களிடம் வகுப்பை நிறுத்துகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு எளிதாக இல்லை. அவர்களை மாரண்டஹள்ளியில் இருந்த ஒரு நண்பரிடம் ஒப்படைத்தேன்.

இரண்டு நாள் பயிற்சிக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் பத்து வினாக்கள் எழுதும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். நமக்குத் தோன்றியதை எழுத முடியாது. பராமரிப்பாளர் உண்மையில் என்னென்ன வேலைகளைச் செய்கிறார், ஒவ்வொன்றையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறார், தவறினால் என்ன சேதம் என்று ஏற்கெனவே ஆய்ந்து ஒரு புளூபிரிண்ட் தயாரித்திருந்தார்கள். என் பங்குக்கு வந்தது "அடைப்பின் காரணத்தைக் கண்டறிதல், உரிய சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தல்" என்ற வேலை. ஒவ்வொரு வினாவோடும் அது எந்த வேலையைச் சோதிக்கிறது, சரியான விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு, அந்தத் தவற்றை யார் செய்வார்கள் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தவறான விடைகளைத் தேடியபோது

கடைசியாகச் சொன்ன அந்தக் கேள்விதான் என் எழுத்தை மாற்றியது. நான் முதலில் எழுதிய வினா, நான் குறை சொன்ன வினாவைவிட அதிகம் மேலானதாக இல்லை. "டிரிப்பரில் அடைப்பு ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு, ஆசிட், குளோரின், வடிகட்டியைக் கழுவுதல், மேற்கூறிய அனைத்தும் என்று எழுதியிருந்தேன். மீளாய்வு செய்த அம்மையார் வேளாண் பொறியாளர் அல்லர். தேர்வு முறையைப் படித்தவர். அவருக்கு வென்சுரி என்றால் என்னவென்றே நான்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "சார், இதில் இரண்டு விடை சரியென்று தெரிந்தவர், மூன்றாவதைப் பற்றி ஒன்றும் தெரியாமலே 'அனைத்தும்' என்று போட்டுவிடுவார். அவருக்கு மூன்றும் தெரியும் என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்றார். பிறகு, "தோட்டத்தில் ஆட்கள் செய்து நீங்கள் பார்த்த தவறுகள் என்னென்ன? அவற்றையே விடைகளாக வையுங்கள்" என்றார்.

அதுவரை நான் சரியான விடைக்காகவே உழைத்திருந்தேன். மற்ற மூன்றையும் கோடு நிரப்புவது போல நிரப்பியிருந்தேன். இப்போது பழைய வேலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சுண்ணாம்புக்குக் குளோரின் விட்ட பாலக்கோட்டு இளைஞர் ஒரு விடையானார். தண்ணீர் வரவில்லை என்றதும் பைபாஸ் வால்வை மூடி அழுத்தத்தைக் கூட்டி, கிளைக்குழாய் இணைப்புகளைப் பிடுங்கிக்கொள்ள வைத்தவர்களை ஆண்டுக்கு நான்கு பேராவது பார்த்திருக்கிறேன். அது இன்னொரு விடை. எதற்கெடுத்தாலும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் மூன்றாவது. இந்த மூன்றும் எந்தப் புத்தகத்திலும் வரிசையாக எழுதப்பட்டிருக்காது. களத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். தேர்வு அமைப்பிடம் கையேடுகள் இருக்கின்றன, சரியான விடைகளை அவற்றிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். ஆட்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பதற்குக் கையேடு இல்லை.

இப்படி உருவான வினா கிட்டத்தட்ட இதுதான். தக்காளித் தோட்டம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். மணிக்கு நான்கு லிட்டர் கொடுக்க வேண்டிய டிரிப்பருக்கு அடியில் ஆறு நிமிடம் பாத்திரம் வைத்தால் 400 மில்லி வர வேண்டும், 230 மில்லிதான் வருகிறது. துளைகளில் வெள்ளைப் படிவு தெரிகிறது. வலை வடிகட்டிக்கு முன்னால் உள்ள அழுத்த மானி 1.5 கிலோவும் பின்னால் உள்ள மானி 1.1 கிலோவும் காட்டுகின்றன. கிளைக்குழாயின் கடைசி மூடியைத் திறந்துவிட்டால் தெளிந்த தண்ணீர் வருகிறது. பராமரிப்பாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஆசிட் சிகிச்சை, குளோரின் சிகிச்சை, வடிகட்டியைக் கழுவுதல், அழுத்தத்தைக் கூட்டுதல் என்பன நான்கு விடைகள். ஆசிட் சிகிச்சைதான் சரி என்று குறித்தேன். வடிகட்டியைக் கழுவுவது ஏன் தவறு என்ற கட்டத்தில், "அழுத்த வேறுபாடு 0.4 கிலோதான், 0.5-ஐத் தாண்டவில்லை, ஆகவே வடிகட்டியில் குறையில்லை" என்று எழுதினேன். மீளாய்வில் இருந்த இன்னொரு துறைக்காரரும் ஒப்புக்கொண்டார். வினா முன்னோட்டத்துக்குப் போனது.

மூன்றாம் நாள்

முன்னோட்டத்தில் அறுபது பேர் எழுதினார்கள். இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அறுபது பேரையும் மொத்த மதிப்பெண்படி வரிசையாக நிறுத்தி, மேலிருந்து 27 விழுக்காடும் கீழிருந்து 27 விழுக்காடும் எடுக்கிறார்கள். அறுபதில் அது பதினாறு பேர். மேல் வரிசையில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்பதிலிருந்து, கீழ் வரிசையில் எத்தனை பேர் என்பதைக் கழித்து, பதினாறால் வகுக்கிறார்கள். நல்ல வினா என்றால் இது 0.3-க்கு மேல் இருக்கும். என் வினாவுக்கு ஐந்தில் ஒன்பது போக மைனஸ் நான்கு. பதினாறால் வகுத்தால் மைனஸ் 0.25. அறுபது பேர் என்பது சிறிய கூட்டம்தான், அந்த எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அலுவலரே எழுதியிருந்தார். ஆனால் எண் எதிர்ப்பக்கம் போயிருந்தால் ஒருவர் உட்கார்ந்து வினாவைத் திரும்பப் படித்தே ஆக வேண்டும்.

முதல் நாள், பயிற்சி மையங்கள் சரியில்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள், விடைக்குறிப்பைக் கணினியில் மாற்றி ஏற்றிவிட்டார்களோ என்று கேட்டேன். அப்படி நடப்பதும் உண்டு, எதிர்மறை எண் வந்தால் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். அவர்கள் சரிபார்த்தார்கள், குறிப்பு சரியாகவே இருந்தது. மூன்றாம் நாள், எந்தத் தவறான விடையை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கினேன். மேல் வரிசையில் ஆசிட் என்று சொன்ன ஐந்து பேர் போக, மீதி பதினொரு பேரும் ஒரே விடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வடிகட்டியைக் கழுவுதல். ஒருவர்கூடக் குளோரினையோ அழுத்தத்தையோ தொடவில்லை. கீழ் வரிசையில் ஒன்பது பேர் ஆசிட், நான்கு பேர் குளோரின், இரண்டு பேர் வடிகட்டி, ஒருவர் அழுத்தம்.

தெரியாதவர்கள் தவறும்போது பல பக்கமும் சிதறுவார்கள். பதினொரு பேர் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ ஒரு காரணம் அவர்களை அழைத்துப் போயிருக்கிறது. அன்று மாலை காரிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை இருந்தது. வடிகட்டிக்குப் பக்கத்தில் நின்று, வினாவில் நான் எழுதியிருந்த அதே நிலைமையை மனத்தில் வைத்து, நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். மானிகளைப் பார்த்தேன். என் கை தானாகவே வடிகட்டியின் மூடிக்குப் போனது.

நூல் சொல்லும் 0.5 கிலோ என்பது மேல் எல்லை. ஆனால் நன்றாகக் கழுவிய வலை வடிகட்டியில் வேறுபாடு 0.1 அல்லது 0.2 கிலோதான் இருக்கும். அது 0.4-க்கு ஏறியிருக்கிறது என்றால் உள்ளே அழுக்குச் சேரத் தொடங்கிவிட்டது என்று அனுபவசாலிக்குத் தெரியும். தோட்டத்து மானிகளும் துல்லியமானவை அல்ல. மழையிலும் வெயிலிலும் கிடந்து கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். அப்படியிருக்க 0.4-க்கும் 0.5-க்கும் இடையில் நான் கோடு போட்டது காகிதத்தில் மட்டுமே நிற்கிற கோடு. அதைவிடப் பெரிய பிழை ஒரு சொல்லில் இருந்தது. "முதலில்" என்று கேட்டிருந்தேன். வடிகட்டியைக் கழுவ ஐந்து நிமிடம் போதும், எந்தக் கெடுதலும் இல்லை. ஆசிட் சிகிச்சைக்கோ, கடைசி டிரிப்பரில் வரும் தண்ணீரின் கார அமில நிலை நான்குக்கு இறங்கும்வரை ஆசிட்டைச் செலுத்தி, மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, பிறகு கடைசி மூடிகளைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்ற வேண்டும். இந்த இரண்டில் எதை முதலில் செய்வீர்கள் என்று கேட்டால், பொறுப்பான பராமரிப்பாளர் வடிகட்டியைத்தான் கழுவுவார். அந்தப் பதினொரு பேரும் வினாவை வரிவரியாகப் படித்து, மானியின் எண்களைக் கழித்துப் பார்த்து, "முதலில்" என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து விடையளித்திருந்தார்கள். கீழ் வரிசையில் இருந்தவர்கள் பலர், வெள்ளைப் படிவு என்றால் ஆசிட் என்று மனப்பாடமாக வைத்திருந்ததைக் குறித்துவிட்டுப் போயிருந்தார்கள். என் வினா மனப்பாடத்துக்கு மதிப்பெண் கொடுத்து, கவனத்துக்குத் தண்டனை கொடுத்திருந்தது.

பாலக்கோட்டு இளைஞரை ஏமாற்றிய வினா எதைச் செய்ததோ அதையே வேறு வழியில் நானும் செய்திருக்கிறேன் என்பது அன்று எனக்கு மிகவும் வலித்தது. தவறு இருக்கிறது என்று எண்கள் சொல்லிவிட்டன, ஆனால் எங்கே என்று எண்களால் சொல்ல முடியவில்லை. அலுவலரால் மானியைப் படிக்க முடியாது. அந்த இடத்தில் வடிகட்டியின் மூடியைத் தொட்டுப் பழகிய ஒருவர் தேவைப்பட்டார். அவர் தன் விடை தவறென்று ஒப்புக்கொள்ளக்கூடியவராகவும் இருக்க வேண்டியிருந்தது. இரண்டில் இரண்டாவதுதான் கடினம். இந்தக் குழுக்களில் வயதிலும் பெயரிலும் பெரியவர்கள் இருப்பார்கள். "நான் சொல்கிறேன், இதுதான் விடை" என்று அவர்கள் ஒருமுறை சொல்லிவிட்டால் வினா அப்படியே வங்கிக்குள் போய்விடும்.

நான்கு இடங்களில் வினாவைத் திருத்தினேன். "வடிகட்டியைக் கழுவிய பின் முன் மானி 1.3, பின் மானி 1.1 கிலோ, டிரிப்பரில் வரும் தண்ணீர் அப்படியே குறைவாக இருக்கிறது" என்று மாற்றினேன். படிவின்மேல் ஆசிட் சொட்டு விட்டால் நுரைக்கிறது என்ற வரியைச் சேர்த்தேன். "முதலில்" என்பதை எடுத்துவிட்டு, "இந்த அடைப்புக்கு உரிய சிகிச்சை எது?" என்று கேட்டேன். வடிகட்டி என்ற விடைக்குப் பதிலாக, கடைசி மூடிகளைத் திறந்து தண்ணீரை மட்டும் வேகமாக ஓடவிடுதல் என்பதை வைத்தேன். கல்லாகக் கட்டிய சுண்ணாம்பு தண்ணீர் வேகத்தில் போய்விடும் என்று நம்புகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த முன்னோட்டத்தில் அறுபத்து நான்கு பேர் எழுதினார்கள். மேல் பதினேழு பேரில் பதினான்கு பேரும், கீழ்ப் பதினேழு பேரில் ஏழு பேரும் சரியாக எழுதினார்கள். எண் 0.41.

கழுவுதலும் கழுவுதலும்

இதோடு முடியவில்லை. தேர்வு ஆங்கிலத்திலும் தமிழிலும் நடக்கிறது, தமிழ் வடிவத்தை மொழிபெயர்ப்பாளர் செய்கிறார். வடிகட்டியில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அழுக்கை வெளியேற்றுவதும், கிளைக்குழாயின் கடைசி மூடியைத் திறந்து தண்ணீரை ஓடவிடுவதும் ஆங்கிலத்தில் இரு வேறு சொற்கள். தமிழில் இரண்டுக்கும் "கழுவுதல்" என்றே வந்திருந்தது. அகராதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரே வினாவில் இரண்டும் வந்தால், தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் வினா குழம்பிவிடுகிறது. எங்கள் பக்கம் முன்னதை "பேக்வாஷ்" என்றும், பின்னதை "எண்டு கேப்பைக் கழட்டி விடுறது" என்றும்தான் சொல்வார்கள். அதேபோல "உமிழி" என்று எழுதியிருந்ததை "டிரிப்பர்" என்றும், "பக்கவாட்டுக் குழாய்" என்பதோடு "லேட்டரல்" என்றும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டேன். நல்ல தமிழ்ச் சொற்களை நான் வெறுக்கவில்லை. என் எழுத்தில் அவற்றையே விரும்புகிறேன். ஆனால் இந்தத் தேர்வு சோதிக்க வேண்டியது குழாயை, சொல்வளத்தை அல்ல. பத்தாம் வகுப்போடு நின்று பத்து ஆண்டு வேலை பார்த்த ஒருவர் "உமிழி" என்ற சொல்லால் ஒரு மதிப்பெண் இழந்தால், அந்த மதிப்பெண் எதை அளந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் என்னோடு ஒரு பிற்பகல் முழுவதும் பேசி, நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். அந்தப் பட்டியலைத்தான் இப்போது எல்லா வினா எழுதுநர்களுக்கும் கொடுக்கிறார்கள்.

நூற்றுக்கு எத்தனை பேர்

தேர்ச்சி மதிப்பெண்ணை முடிவு செய்யும் கூட்டத்துக்கும் ஒருமுறை போனேன். அங்கே நாங்கள் ஏழு பேர். தனியாகத் தோட்டத்துக்கு அனுப்பக்கூடிய, ஆனால் அதற்கு மேல் சிறப்பு எதுவும் இல்லாத, வாசற்படியில் நிற்கும் ஒரு பராமரிப்பாளரை மனத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அப்படிப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் இந்த வினாவுக்குச் சரியாக விடையளிப்பார்கள் என்று வினாவுக்கு வினா ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். எல்லா வினாக்களுக்கும் எல்லோரும் சொன்னவற்றின் சராசரியிலிருந்துதான் தேர்ச்சி மதிப்பெண் வருகிறது. 1971இல் வில்லியம் ஆங்காஃப் என்ற அமெரிக்கத் தேர்வியல் அறிஞர் எழுதிய குறிப்பிலிருந்து வளர்ந்த முறை இது.

என் வினாவுக்கு நான் எண்பத்தைந்து என்று எழுதினேன். வேலைக்கு வந்து நான்கு ஆண்டுகளே ஆன, ராயக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஐம்பது என்று எழுதினார். காரணம் கேட்டபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், ஆசிட் சொட்டு விட்டுப் பார்க்கணும்னு எனக்கு இரண்டாவது வருஷம்தான் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தாரு. அதுவரைக்கும் எல்லா வெள்ளையும் எனக்கு ஒண்ணுதான்." பிறகு முன்னோட்ட விவரத்தைத் திரையில் காட்டினார்கள். அறுபத்து நான்கு பேரில் முப்பத்தெட்டுப் பேர், அதாவது நூற்றுக்கு 59. தேர்வு எழுதிய எல்லோரும் வாசற்படியில் நிற்பவர்கள் அல்லர் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் என்னுடையதைவிட அவருடைய எண்ணே அருகில் இருந்தது. இரண்டாம் சுற்றில் என் எண்ணை அறுபதுக்கு இறக்கினேன். நான் இறக்காமல், என்னைப் போன்ற நால்வரும் இறக்காமல் இருந்திருந்தால், தேர்ச்சி மதிப்பெண் ஏறி, வேலைக்குத் தகுதியான சிலர் வெளியே நின்றிருப்பார்கள். அனுபவம் கூடக்கூட, கற்றுக்கொண்ட நாள் மறந்துபோகிறது. ஆகவே இந்தக் கூட்டத்துக்கு மூத்தவர்களோடு, கற்றுக்கொண்டதை இன்னும் மறக்காத இளையவர் ஒருவரையாவது அழைக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டேன். அடுத்த கூட்டத்துக்கு இருவரை அழைத்திருந்தார்கள்.

எனக்கு இப்போது மூன்றாவது தொகுதி வினாக்கள் வந்திருக்கின்றன. ஆசிட்டையும் குளோரினையும் ஒரே நேரத்தில் செலுத்தினால் நச்சுவாயு கிளம்பும் என்பதைச் சோதிக்கும் பகுதி. இதில் தவறான விடைகளை யோசிப்பது கனமான வேலையாக இருக்கிறது. ஒவ்வொரு தவறான விடையும் யாரோ ஒருவர் உண்மையில் செய்ய முயன்றது. இரவில் கடையை மூடிய பிறகுதான் எழுதுகிறேன், ஒரு வினாவுக்கு மூன்று நாட்கள் ஆகின்றன.

அந்தப் பதினொரு பேரிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. புதிதாக அமைக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும், முதல் நாள் வடிகட்டியைக் கழுவி மோட்டாரை ஓட்டி, இரண்டு மானிகளும் காட்டும் எண்களை வடிகட்டிக்குப் பக்கத்துக் குழாயில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைக்கிறேன். போன வாரம் பென்னாகரம் சாலையில் ஒரு தோட்டத்தில் 1.3, 1.1 என்று எழுதிக்கொண்டிருந்தபோது, தோட்டக்காரரின் மகள் எதற்கு என்று கேட்டாள். இதற்கு மேல் வித்தியாசம் கூடினால் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பெயிண்ட் காய்வதற்குள் அவள் தன் நோட்டில் அந்த இரண்டு எண்களையும் தேதியோடு குறித்துக்கொண்டாள்.